மசாகாவில் சிக்கிய ஓர் எழுத்து

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியின் ஓரத்தில் மசாகா என்ற ஊர் இருக்கிறது. 2012-க்கும் 2015-க்கும் இடையில் அங்கும் நாட்டின் வேறு சில இடங்களிலும் மலேரியா மருந்து ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்தார்கள். மருந்து நன்றாகவே வேலை செய்தது. மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் தணிந்தது. ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைந்தது. அறிக்கை எழுதிக் கோப்பை மூடிவிடலாம் என்ற நிலைதான்.

ஆனால், சிகிச்சைக்கு முன் நோயாளிகளிடமிருந்து எடுத்த ரத்தத் துளிகள் பத்திரமாக இருந்தன. அவற்றிலிருந்த ஒட்டுண்ணிகளின் ஒரு மரபணுவைப் பின்னர் படித்துப் பார்த்தபோது, மசாகாவின் 257 மாதிரிகளில் 19-ல் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறியிருந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல். ருவாண்டா உயிர்மருத்துவ மையத்தின் அலின் உவிமானாவும் அவருடைய சகாக்களும் 2020-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க மலேரியா சிகிச்சை நம்பியிருக்கும் ஆர்ட்டிமிசினின் என்ற மருந்துக்கு ஆப்பிரிக்க மண்ணிலேயே எதிர்ப்பு முளைத்துப் பரவத் தொடங்கிவிட்டது என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான சான்று அது.

நோயாளி குணமாகிக்கொண்டிருக்கும்போதே மருந்து தோற்கத் தொடங்கிவிட்டது என்று எப்படிச் சொல்ல முடிந்தது? மலேரியா கண்காணிப்பின் நுட்பமெல்லாம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

வேகம் குறைந்தால் என்ன?

மலேரியாவில் உயிரை அதிகம் பறிப்பது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி. ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, அங்குள்ள ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அடுத்த சிவப்பணுக்களுக்குள் புகும்.

இன்றைய சிகிச்சை இரண்டு மருந்துகளின் கூட்டு. ஆர்ட்டிமிசினின் வகை மருந்து ஒன்று. அதற்குத் துணையாக இன்னொன்று. முதலாவது மிக வேகமாகக் கொல்லும், ஆனால் சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். துணை மருந்து மெதுவாக வேலை செய்யும், ஆனால் நாள்கணக்கில் உடலில் தங்கி, மிச்சம் மீதியைத் தீர்த்துக்கட்டும். ருவாண்டாவில் கொடுக்கப்பட்டது ஆர்ட்டிமீத்தர், லூமிஃபான்ட்ரின் என்ற ஜோடி.

ஆர்ட்டிமிசினின் எதிர்ப்பு என்றால் மருந்து அடியோடு பலிக்காமல் போவது அல்ல. ஒட்டுண்ணி சாகும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். அதனால்தான் இதைப் ‘பகுதி எதிர்ப்பு’ என்கிறார்கள். அதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டால் விளங்கும்.

கடுமையாகத் தொற்றிய ஒருவர் உடலில் லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று நாள் மாத்திரை ஒட்டுண்ணியின் இரண்டு சுழற்சிகளைத் தொடும். மருந்துக்கு அடங்கும் ஒட்டுண்ணி என்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் எண்ணிக்கை சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். முதல் சுழற்சியில் பத்துக் கோடி. இரண்டாவதில் வெறும் பத்தாயிரம். துணை மருந்துக்கு அது ஒரு வேலையே இல்லை. எதிர்ப்பு உள்ள ஒட்டுண்ணியோ நூற்றில் ஒரு பங்காகத்தான் சுருங்குகிறது. முதல் சுழற்சி முடிவில் ஆயிரம் கோடி; இரண்டாவது முடிவில் பத்துக் கோடி. துணை மருந்தின் தலையில் விழும் சுமை பத்தாயிரம் மடங்கு கூடிவிட்டது.

துணை மருந்து திடமாக இருக்கும்வரை நோயாளிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அத்தனை கோடி ஒட்டுண்ணிகள் அந்த ஒரே மருந்தை எதிர்கொள்ளும்போது, அதற்கும் அடங்காத ஒன்று அவற்றினிடையே தோன்றித் தப்பிக்கும் வாய்ப்பு பெருகுகிறது. கம்போடியாவில் இதுதான் நடந்தது. முதலில் ஆர்ட்டிமிசினினின் வேகம் குறைந்தது. பிறகு அதன் துணையான பிப்பராகுயினும் தோற்றது. அதன்பின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே காய்ச்சல் திரும்பியது. இரு மருந்துகளுக்கும் அடங்காத அந்த வம்சம் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் வரை பரவியது.

அடையாளம் கிடைத்த கதை

மேற்குக் கம்போடியாவின் பைலின் பகுதியில் ஒட்டுண்ணிகள் மெதுவாகச் சாகின்றன என்பது 2009 வாக்கில் உறுதியாகிவிட்டது. ஆனால் அதற்கு எந்த மரபணு காரணம் என்பது தெரியவில்லை. தெரியாதவரை, எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று அறிய ஒவ்வொரு நோயாளியையும் படுக்கையில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கண்டம் முழுக்க அப்படிச் செய்ய முடியுமா?

விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. தான்சானியாவிலிருந்து வந்த ஓர் ஒட்டுண்ணி வகையை ஐந்தாண்டுகள் ஆர்ட்டிமிசினினைக் கொடுத்துக் கொடுத்து வளர்த்தார்கள். மருந்து, இடைவெளி, மீண்டும் மருந்து என்று 125 சுற்றுகள். கடைசியில் மருந்தைத் தாங்கும் ஒட்டுண்ணி உருவானது. அதன் மரபணுத் தொகுப்பைத் தொடக்கத்தில் இருந்ததோடு ஒப்பிட்டபோது, 13-ஆம் குரோமோசோமில் உள்ள கெல்ச் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. கம்போடிய நோயாளிகளின் ஒட்டுண்ணிகளைப் பார்த்தால், அதே மரபணுவில் வேறு இடங்களில் மாற்றங்கள்! ஃபிரெடெரிக் அரியே, திதியே மெனார் உள்ளிட்டோர் 2014-ல் இதை வெளியிட்டார்கள். அன்று முதல் ‘கே13’ மலேரியாத் துறையில் அன்றாடம் புழங்கும் சொல்லாகிவிட்டது.

கே13 புரதம், ஒட்டுண்ணி ஹீமோகுளோபினை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையில் பங்கெடுக்கிறது. ஹீமோகுளோபின் செரிக்கும்போது வெளிப்படும் இரும்புள்ள ஹீம்தான் ஆர்ட்டிமிசினினைத் தூண்டிவிட்டு நஞ்சாக்குகிறது. கே13 மாறினால் இளம் ஒட்டுண்ணி குறைவாகத் தின்கிறது, ஹீம் குறைகிறது, மருந்து முழு வீச்சில் தூண்டப்படுவதில்லை. ஒட்டுண்ணி ஒருவகையில் பட்டினி கிடந்து பிழைக்கிறது.

ஆனால் கே13-ல் எந்த மாற்றத்தைப் பார்த்தாலும் பதறக் கூடாது. இந்தப் புரதம் 726 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதன் 578-ஆம் இடத்தில் நிகழும் ஒரு மாற்றம் ஆப்பிரிக்காவில் பல காலமாகப் பரவலாகக் காணப்படுகிறது. மருந்தின் வேகத்தை அது குறைப்பதில்லை. இரண்டே இடங்கள் தள்ளி, 580-ல் நிகழும் மாற்றமோ கம்போடியாவையே ஆட்டிவைத்தது. ஆகவே ஒரு மாற்றத்தை எதிர்ப்பின் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்க இரண்டு சான்றுகள் தேவை. ஒன்று, அந்த மாற்றம் உள்ள நோயாளிகளிடம் ஒட்டுண்ணி மெதுவாக மறைய வேண்டும். மற்றொன்று, ஆய்வுக்கூடத்தில் அந்த ஒட்டுண்ணி மருந்துக்குத் தப்ப வேண்டும். அதற்கென ஒரு சோதனை இருக்கிறது. சிவப்பணுவுக்குள் நுழைந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத இளம் ஒட்டுண்ணிகளை ஆறு மணி நேரம் மருந்தில் வைத்து, கழுவி, மூன்று நாள் கழித்து எண்ணுவார்கள். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிழைத்திருந்தால் அது எதிர்ப்பு. இந்த இரட்டைத் தேர்வில் தேறிய மாற்றங்கள் பத்துக்குச் சற்று மேல்தான்.

ஒரு துளி ரத்தம் எடுக்கும் பாதை

இப்போது களத்துக்கு வருவோம். காய்ச்சலோடு ஒரு குழந்தை சுகாதார நிலையத்துக்கு வருகிறது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் இரண்டு இடங்களுக்குப் போகிறது.

முதலாவது, கண்ணாடிச் சில்லு. அதைச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, 200 வெள்ளணுக்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை ஒட்டுண்ணிகள் தென்படுகின்றன என்று எண்ணுவார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8,000 வெள்ளணுக்கள் என்று பொதுவாக வைத்துக்கொள்வதால், எண்ணிக்கையை 40-ஆல் பெருக்கினால் போதும். 500 ஒட்டுண்ணிகள் தெரிந்தால், மைக்ரோலிட்டருக்கு 20,000. மருந்து கொடுத்த பிறகு 1, 2, 3-ஆம் நாட்களிலும், பின்னர் 7, 14, 21, 28-ஆம் நாட்களிலும் குழந்தையை வரவழைத்து மறுபடி பார்ப்பார்கள். இதில் மூன்றாம் நாள் முக்கியமானது. அன்றும் சில்லில் ஒட்டுண்ணி தெரியும் நோயாளிகள் நூற்றுக்குப் பத்தோ அதற்கு மேலோ இருந்தால், அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, வடிதாள். ஒரு துளியை அதில் வைத்து, காயவிட்டு, ஈரம் படாத உறையில் போட்டுவிட்டால் போதும். குளிர்பதனப் பெட்டி தேவையில்லை, பேருந்தில்கூட அனுப்பலாம். ஆய்வுக்கூடத்தில் அந்தத் தாளிலிருந்து ஒரு சிறு வட்டத்தை வெட்டியெடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் கே13-இன் குறிப்பிட்ட பகுதியைப் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். மசாகா மாதிரிகளில், 561-ஆம் அமினோ அமிலத்துக்கான மூன்று எழுத்துகளில் நடு எழுத்தான ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ இருந்தது. அதனால் ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்தது. துறைக்காரர்கள் இதை ஆர்561எச் என்கிறார்கள்.

சில மாதிரிகளில் ஒரே இடத்தில் ‘ஜி’, ‘ஏ’ இரண்டுக்குமான முகடுகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அந்த நோயாளியின் உடலில் இரண்டு வகை ஒட்டுண்ணிகள் கலந்திருக்கின்றன. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் இது சர்வசாதாரணம். ஒரு வகை மிகக் குறைவாக இருந்தால் பழைய முறையில் அது கண்ணில் படாமலே போகும். அதனால்தான் ஒரே மாதிரியை ஆயிரக்கணக்கான முறை படித்து, சிறுபான்மையையும் பிடிக்கும் புதிய முறைகளுக்கு மாறிவருகிறார்கள்.

வடிதாளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதே குழந்தைக்கு 21-ஆம் நாள் மறுபடி ஒட்டுண்ணி தென்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து தோற்றதா, அல்லது நடுவில் வேறொரு கொசு கடித்துப் புதிதாகத் தொற்றியதா? முதல் நாள் துளியையும் 21-ஆம் நாள் துளியையும் எடுத்து, ஆளுக்கு ஆள் நீளம் மாறும் சில மரபணுப் பகுதிகளை ஒப்பிடுவார்கள். நீளங்கள் ஒத்துப்போனால் பழைய ஒட்டுண்ணியே தலைதூக்கியிருக்கிறது. அது மருந்தின் தோல்வி. ஒத்துப்போகாவிட்டால் புதுத் தொற்று. மருந்தின் மேல் பழி போடக் கூடாது. இப்படிக் கழித்த பிறகும் தோல்வி நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால், அந்த நாடு தன் முதல்நிலை மருந்தை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

வந்ததா, முளைத்ததா?

ஆர்561எச் தாய்லாந்து–மியான்மர் எல்லையில் ஏற்கனவே அறியப்பட்ட மாற்றம். அப்படியானால் அங்கிருந்துதான் ருவாண்டாவுக்கு வந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. வரலாறும் அதையே சொன்னது. குளோரோகுயினுக்கு அடங்காத ஒட்டுண்ணி 1950-களின் இறுதியில் தென்கிழக்கு ஆசியாவில் தோன்றி, 1970-களின் இறுதியில் ஆப்பிரிக்காவில் கால்வைத்தது. அதற்குப் பின் வந்த பைரிமெத்தமின் மருந்தின் எதிர்ப்பும் அதே வழியில் வந்தது. ஆகவே எல்லோர் கண்ணும் ஆசியாவின் மேலேயே இருந்தது.

இதைத் தீர்க்க, மாறிய எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்கள் இந்த வேலையை நன்கு அறிவார்கள். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை இருப்பதால் மட்டும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. சுற்றியுள்ள வரிகளின் பாடபேதங்களும் ஒத்துப்போக வேண்டும். மசாகா ஒட்டுண்ணிகளில் ஒத்துப்போகவில்லை. அவற்றின் மற்ற மரபணு எழுத்துகள் ஆசிய ஒட்டுண்ணிகளைப் போல் இல்லை. ருவாண்டாவின் சாதாரண ஒட்டுண்ணிகளைப் போலவே இருந்தன. அதாவது இது இறக்குமதி அல்ல. அங்கேயே தனியாக முளைத்து, அங்கேயே பரவிய மாற்றம். ஆசியாவின் எல்லையைக் காவல் காத்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. 2012–15 நோயாளிகள் நலமாகத்தானே இருந்தார்கள்? விடை 2018-ல் நடந்த அடுத்த சோதனையில் கிடைத்தது. மசாகாவிலும் நாட்டின் கிழக்கிலுள்ள ருகாராவிலும், மூன்றாம் நாளிலும் ஒட்டுண்ணி தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்தைத் தாண்டியிருந்தார்கள். ஆர்561எச் இருந்தவர்களிடம் தாமதம் கூடுதலாக இருந்தது. அப்போதும் 28 நாள் முடிவில் குணமடைந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியே இருந்தார்கள். லூமிஃபான்ட்ரின் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது. முதலில் எழுத்து, சில ஆண்டுகள் கழித்து மூன்றாம் நாள் தாமதம், அதற்கும் பின்னால்தான் காய்ச்சல் திரும்புவது. மரபணுவைப் படிப்பதால் கிடைக்கும் லாபம் இந்தச் சில ஆண்டுகள்தான்.

ருவாண்டா தனித்து நிற்கவில்லை. வடக்கு உகாண்டாவில் 2017–19-ல் ஊசி வழியாக ஆர்ட்டிசுனேட் பெற்ற 240 நோயாளிகளில் 14 பேரிடம், ஒட்டுண்ணி எண்ணிக்கை பாதியாகக் குறைய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த 14 பேரில் 13 பேரிடம் கே13-இன் வேறு இரு மாற்றங்கள் இருந்தன. எரித்ரியாவில் இன்னொரு மாற்றம் 2016-ல் 8.6 சதவீதமாக இருந்தது. 2019-ல் 21 சதவீதம். பின்னர் ருவாண்டாவை ஒட்டிய தான்சானியாவின் ககேரா பகுதியிலும் ஆர்561எச் பரவலாகக் கண்டறியப்பட்டது.

கண்காணிப்பின் ஓட்டைகள்

மூன்றாம் நாள் சோதனை பல நேரம் ஏமாற்றும். சிறுவயது முதல் மலேரியா வந்து வந்து பழகிய உடலில் நோய் எதிர்ப்பாற்றலே ஒட்டுண்ணியை வேகமாகத் துடைத்துவிடும். மருந்தின் மந்தம் வெளியே தெரியாது. மறுபுறம், தொடக்கத்திலேயே ஒட்டுண்ணி மிக அதிகமாக இருந்தால், நல்ல மருந்தும் மூன்றாம் நாள் மிச்சம் வைக்கும். எண்ணுகிறவரின் பழக்கமும் முடிவை மாற்றும்.

மரபணு அடையாளத்துக்கும் எல்லை உண்டு. கே13 ஆர்ட்டிமிசினினைப் பற்றி மட்டுமே பேசும். ஆப்பிரிக்காவில் மிக அதிகமாகப் பயன்படும் துணை மருந்தான லூமிஃபான்ட்ரினின் தோல்வியைக் காட்டிக்கொடுக்க இதுபோல உறுதிசெய்யப்பட்ட ஓர் அடையாளம் இன்னும் இல்லை. அது தோற்கிறதா என்று அறிய இன்றும் நோயாளியை 28 நாள் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது: ஓரிடத்து நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது ஏற்கப்பட்ட கே13 மாற்றமும், கூடவே தாமதமும் இருந்தால்தான் அங்கே பகுதி எதிர்ப்பு உறுதியானது என்று அறிவிக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை காலம். 2015-க்குள் சேர்ந்த ரத்தத் துளிகள் சொன்ன செய்தி 2020-ல்தான் வெளிவந்தது. அந்த இடைவெளியில் ஒட்டுண்ணி சும்மா இருக்கவில்லை. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்காமல், அந்தந்த நாட்டிலேயே சில வாரங்களுக்குள் படிக்க முடிந்தால்தான் இந்தக் கண்காணிப்புக்குப் பொருள் உண்டு.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. துணை மருந்தான சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமின் தோற்கத் தொடங்கியதால், இந்தியா 2013-ல் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரினுக்கு மாறியது. 2016-ல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில் இன்று கண்டறியப்படுவது வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் மலேரியாதான். வேலைக்கோ வியாபாரத்துக்கோ கிழக்கு ஆப்பிரிக்கா போய்வந்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலேரியா என்று தெரிந்தால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று நடுவில் நிறுத்தாமல் மருந்தை முழுதாக முடியுங்கள். மூன்றாம் நாள் ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.